எட்டு அணி, ஏழு சுற்று: பள்ளிப் போட்டிக்கு ரவுண்ட் ராபின் அட்டவணை போடுவது எப்படி

ஆறு அணிகள் வந்திருக்கின்றன. எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒரு முறை ஆட வேண்டும். ஒரு சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் ஓர் ஆட்டம். இதற்கு என்ன பெரிய முறை வேண்டியிருக்கிறது, உட்கார்ந்து எழுதினால் வந்துவிடாதா என்றுதான் தோன்றும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் தோன்றியது. ஒரு தாளை எடுத்து இப்படி எழுதினேன்:

```
சுற்று 1:  1-4   2-5   3-6
சுற்று 2:  1-5   2-6   3-4
சுற்று 3:  1-6   2-4   3-5
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. முதல் மூன்று அணிகளும் கடைசி மூன்று அணிகளோடு ஆடி முடித்துவிட்டன. ஒன்பது ஆட்டம் ஆயிற்று, மீதி ஆறு ஆட்டம். சுற்றுக்கு மூன்று வீதம் இன்னும் இரண்டு சுற்றில் முடிந்துவிட வேண்டும். ஆனால் மீதி இருப்பவை எவை என்று பாருங்கள்: 1-2, 1-3, 2-3, அப்புறம் 4-5, 4-6, 5-6. அவ்வளவுதான். 1, 2, 3 ஆகிய மூன்றில் இரண்டு ஆடினால் ஒன்று வெளியே நிற்கும். 4, 5, 6-இலும் அதே கதை. வெளியே நிற்கும் அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஆடலாமே என்றால், அவை ஏற்கெனவே ஆடிவிட்டன. ஆக, சுற்றுக்கு இரண்டு ஆட்டம்தான் நடத்த முடியும். ஐந்து சுற்றில் முடிய வேண்டிய போட்டி ஆறு சுற்றாகிறது. அதுவும் மூன்றாவது சுற்று வரை எந்தத் தப்பும் கண்ணில் படாது. போட்டி நாளன்று மதியம்தான் தெரியவரும்.

இதனால்தான் அட்டவணையைத் தோன்றியபடி எழுதக் கூடாது. எத்தனை அணி வந்தாலும் சிக்காமல் முடியும் முறை ஒன்று இருக்கிறது. ஓர் அணியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மற்ற அணிகளைச் சுற்றிவிடுவது. விளையாட்டு ஆசிரியர்கள் இதைச் சுழற்சி முறை என்பார்கள். சதுரங்கப் போட்டிகளில் இதே கணக்கில் வரும் பட்டியலுக்கு பெர்கர் அட்டவணை என்று பெயர். ஆஸ்திரிய ஆட்டக்காரர் யோஹான் பெர்கரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது என்றாலும், அதை முதலில் 1886-இல் கொடுத்தவர் ரிச்சர்ட் ஷூரிக்.

இங்கே எட்டு அணிகளை எடுத்துக்கொண்டு முழுவதும் போட்டுப் பார்க்கலாம். ஏழு அணி வந்தாலும் இதே தாள்தான் உதவும். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு

ஆட்டங்களின் எண்ணிக்கை: அணிகளின் எண்ணிக்கையை அதற்கு ஒன்று குறைவான எண்ணால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். எட்டு அணிக்கு 8 × 7 ÷ 2 = 28 ஆட்டம். சுற்றுக்கு நான்கு ஆட்டம் என்றால் ஏழு சுற்று.

இந்த 28 என்ற எண்ணை அட்டவணை போடும் முன்பே நேரமாக மாற்றிப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்கு இருபது நிமிடம், அணிகள் மாற ஐந்து நிமிடம், ஆக 25 நிமிடம் என்று வைப்போம். நான்கு கோர்ட் இருந்தால் ஏழு சுற்றும் 175 நிமிடத்தில், அதாவது மூன்று மணி நேரத்துக்குள் முடியும். இரண்டு கோர்ட் என்றால் 350 நிமிடம், ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஒரே கோர்ட் என்றால் 700 நிமிடம். பதினொன்றரை மணி நேரத்துக்கும் மேல். அதை ஒரே நாளில் நடத்த முடியாது. இரண்டு நாளாக்குங்கள், அல்லது எட்டை நான்கு நான்காக இரண்டு பிரிவாக்குங்கள். எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும் என்ற ஆசையை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அது இந்த இடத்தில்தான் நடக்க வேண்டும். பாதிப் போட்டியில் நடக்கக் கூடாது.

எண்களைச் சுற்றுவது

அணிகளின் பெயரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 1 முதல் 8 வரை எண்கள் மட்டும் போதும். அவற்றை இரண்டு வரிசையாக எழுதுங்கள். மேல் வரிசை இடமிருந்து வலம் போக வேண்டும். கீழ் வரிசை வலமிருந்து இடம் திரும்பி வர வேண்டும். 8-ஐ மேல் வரிசையின் இடது மூலையில் நிறுத்துங்கள். அது கடைசி வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

```
8   1   2   3
7   6   5   4
```

மேலும் கீழுமாக நேருக்கு நேர் இருப்பவை மோதுகின்றன. 8-7, 1-6, 2-5, 3-4. இது முதல் சுற்று.

இரண்டாம் சுற்றுக்கு, 8-ஐத் தவிர மற்ற ஏழும் கடிகார முள் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். மேல் வரிசையில் இருப்பவை வலப்பக்கம் போகும். வலது ஓரத்தில் இருந்த 3 கீழே இறங்கும். கீழ் வரிசை இடப்பக்கம் நகரும். இடது ஓரத்தில் கீழே இருந்த 7 மேலே ஏறி, 8-க்குப் பக்கத்தில் உட்காரும்.

```
8   7   1   2
6   5   4   3
```

8-6, 7-5, 1-4, 2-3. இப்படியே ஏழு தடவை எழுதினால் கிடைப்பது இது:

```
சுற்று 1:  8-7   1-6   2-5   3-4
சுற்று 2:  8-6   7-5   1-4   2-3
சுற்று 3:  8-5   6-4   7-3   1-2
சுற்று 4:  8-4   5-3   6-2   7-1
சுற்று 5:  8-3   4-2   5-1   6-7
சுற்று 6:  8-2   3-1   4-7   5-6
சுற்று 7:  8-1   2-7   3-6   4-5
```

கையால் நகர்த்தும்போது தடுமாற்றம் வருகிறதா? எண்களைச் சிறு அட்டைத் துண்டுகளில் எழுதி மேசையில் பரப்பி நகர்த்துங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். தாளில் எழுதி எழுதி நகர்த்தும்போது ஏதாவது ஓர் எண் இரண்டு தடவை வந்து இன்னொன்று காணாமல் போகும். அட்டை காணாமல் போனால் மேசையில் உடனே தெரிந்துவிடும்.

இது ஏன் சிக்குவதில்லை

மேலே உள்ள பட்டியலில் 8 ஆடும் ஆட்டங்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். நான்காம் சுற்றில் 5+3, 6+2, 7+1 எல்லாமே 8. ஏழாம் சுற்றில் எல்லாமே 9. இரண்டாம் சுற்றில் 7+5 = 12, மற்றவை 5, 5. பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் ஏழு. எந்தச் சுற்றை எடுத்தாலும் கூட்டுத்தொகைகள் ஒன்றாக இருக்கும், அல்லது ஏழு வித்தியாசத்தில் இருக்கும். ஒவ்வொரு நகர்த்தலிலும் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒவ்வொன்று குறைகின்றன. 1 மட்டும் குறைவதற்குப் பதில் 7-க்குத் திரும்புகிறது. அதனால் வருவதுதான் இந்த ஏழு வித்தியாசம்.

எந்த இரண்டு அணியை எடுத்தாலும் அவற்றின் கூட்டுத்தொகை ஒரே ஒரு சுற்றுக்குத்தான் பொருந்தும். அதனால் அவை ஒரு முறை சந்தித்தே தீரும், இரண்டாம் முறை சந்திக்கவும் முடியாது. 2-உம் 6-உம் எப்போது ஆடும்? கூட்டினால் 8, ஆகவே நான்காம் சுற்று. 4-உம் 7-உம்? கூட்டினால் 11, ஏழைக் கழித்தால் 4. ஆறாம் சுற்றில் 3+1 அந்த 4. அங்கேதான் 4-7 இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், யாராவது எங்களுக்கும் அவர்களுக்கும் எப்போது ஆட்டம் என்று கேட்கும்போது தாளைத் தேடாமலே சொல்லிவிடலாம்.

தப்பு நடந்திருந்தால் எப்படித் தெரியும்

அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்றே ஒன்றுதான். நிற்க வேண்டிய 8-ஐயும் சேர்த்துச் சுற்றிவிடுவது. அப்படிச் செய்தால் முதல் நான்கு சுற்றும் நன்றாகவே வரும். ஐந்தாவது சுற்றில் 4-3, 5-2, 6-1, 7-8 என்று வந்து நிற்கும். அது அப்படியே முதல் சுற்று. ஐந்தாம் சுற்று முதல் சுற்றைப் போலவே இருந்தால் மூலையில் இருந்தது நகர்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நடுவில் திசை மாறிவிட்டால் அதற்கு முந்தைய சுற்று திரும்பி வரும். அதைக் கண்டுபிடிப்பது எளிது.

முழு அட்டவணையையும் சரிபார்க்க எட்டுக்கு எட்டு கட்டம் ஒன்று போடுங்கள். இரண்டு அணிகள் சந்திக்கும் கட்டத்தில் எந்தச் சுற்றில் ஆடுகின்றன என்று எழுதுங்கள்.

```
     1  2  3  4  5  6  7  8
1    -  3  6  2  5  1  4  7
2    3  -  2  5  1  4  7  6
3    6  2  -  1  4  7  3  5
4    2  5  1  -  7  3  6  4
5    5  1  4  7  -  6  2  3
6    1  4  7  3  6  -  5  2
7    4  7  3  6  2  5  -  1
8    7  6  5  4  3  2  1  -
```

ஒவ்வொரு வரியிலும் 1 முதல் 7 வரை எல்லா எண்ணும் ஒரு தடவை இருக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஓர் ஆட்டம் விட்டுப்போயிருக்கிறது. ஒரு வரியில் ஒரே எண் இரண்டு தடவை வந்தால் அந்த அணிக்கு ஒரே சுற்றில் இரண்டு ஆட்டம் விழுந்திருக்கிறது. போட்டி நாளில் இதே கட்டத்தில் சுற்று எண்ணுக்குப் பதில் முடிவுகளை எழுதிக்கொண்டே வரலாம்.

இன்னொரு விஷயம். படிக்கட்டு முறை என்று ஒன்று சொல்லித் தருவார்கள். 1-2, 1-3, 1-4 என்று ஒரு பத்தி, 2-3, 2-4 என்று அடுத்த பத்தி, இப்படிப் படிப்படியாக இறங்கிப் போகும். அது எல்லா ஆட்டத்தையும் எண்ணிக் காட்டும் பட்டியல், அதற்கு நல்லது. எந்த ஆட்டம் எந்தச் சுற்று என்பதை அது சொல்லாது. அதே வரிசையில் ஆட வைத்தால் 1-ஆம் அணி ஏழு ஆட்டத்தையும் மூச்சு விடாமல் ஆடிவிட்டு மீதி நேரம் முழுவதும் உட்கார்ந்திருக்கும்.

ஏழு அணி மட்டும் வந்தால்

ஒற்றைப்படை எண்ணிக்கை வந்துவிட்டால் பலர் தவித்துப்போகிறார்கள். உண்மையில் மாற்ற வேண்டியது எதுவுமில்லை. 8 இருக்கும் இடத்தில் 'பை' என்று எழுதுங்கள். 8-ஓடு மோத வேண்டிய அணிக்கு அந்தச் சுற்றில் ஓய்வு. முதல் சுற்றில் 7-க்கு, அடுத்து 6-க்கு, அப்படியே இறங்கிக் கடைசிச் சுற்றில் 1-க்கு ஓய்வு வரும். சுற்று ஏழுதான், ஆட்டம் மட்டும் 21.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருக்கிறது. பட்டியலில் 'பை' இருக்கும் முதல் பத்தியை விட்டுவிட்டு, மீதி மூன்று பத்திகளை மூன்று கோர்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியை மேலிருந்து கீழே படித்தால் 1-6, 7-5, 6-4, 5-3, 4-2, 3-1, 2-7. ஒவ்வோர் அணியும் சரியாக இரண்டு தடவை. மற்ற இரண்டு பத்திகளிலும் அப்படியே. வெயில் முகத்தில் அடிக்கும் கோர்ட், மேடு பள்ளமான கோர்ட் என்று எது இருந்தாலும் எல்லா அணியும் அதில் இரண்டு முறை ஆடுகிறது. நாம் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

எட்டு அணி இருந்தால் இந்தச் சமநிலை கிடைக்காது. முதல் பத்தியை முதல் கோர்ட்டாக வைத்தால் 8-ஆம் அணி ஏழு ஆட்டத்தையும் அங்கேயே ஆடும், மற்றவர்களுக்கு அந்தக் கோர்ட் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். ஆகவே 8 ஆடும் ஆட்டத்தைச் சுற்றுக்கு ஒரு கோர்ட்டாக மாற்றிக்கொண்டே போங்கள். முதல் சுற்றில் முதல் கோர்ட், இரண்டாம் சுற்றில் இரண்டாவது கோர்ட் என்று. அந்தக் கோர்ட்டில் ஆட வேண்டியவர்கள் முதல் கோர்ட்டுக்கு வந்துவிடட்டும். துல்லியமான சமநிலை வராது, ஆனால் ஓர் அணி ஒரே இடத்தில் நிலைத்துவிடாது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சலுகை

இவ்வளவு செய்த பிறகும் இந்த அட்டவணையில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. பல ஆண்டுகள் இதைக் கவனிக்காமலே அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். தோற்ற ஓர் அணியின் பயிற்சியாளர் ஒருவர் தாளை நீட்டி, "சார், இந்த அஞ்சாவது டீமுக்கு மட்டும் எல்லாரும் களைச்சுப்போய்தான் வர்றாங்க, நீங்களே பாருங்க" என்று காட்டினார். பார்த்தேன். அவர் சொன்னது சரி.

7-ஆம் அணிதான் போட்டியிலேயே பலமான அணி, அதோடு ஆடினால் யாராக இருந்தாலும் சோர்ந்துபோவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சுற்றில் 7-ஓடு ஆடியது 3; நான்காம் சுற்றில் அந்த 3 வந்து 5-ஓடு ஆடுகிறது. நான்காம் சுற்றில் 7-ஓடு ஆடியது 1. ஐந்தாம் சுற்றில் அது 5-ஓடு ஆடுகிறது. அடுத்து 6, அதற்கடுத்து 4. தொடர்ந்து நான்கு சுற்றுகளில், 7-இடம் அடி வாங்கிய அணி நேராக 5-இடம் வருகிறது. 5-க்கு இது பெரிய சலுகை. ஒரே நாளில் ஏழு ஆட்டமும் நடக்கும் பள்ளிப் போட்டியில் இதன் எடை இன்னும் அதிகம். வாரத்துக்கு ஒரு சுற்று என்றால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

காரணம், ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளியின் எண் இரண்டிரண்டாகவே குறைகிறது. 7-க்கு அடுத்து 5, 5-க்கு அடுத்து 3 என்று எல்லா அணியும் ஒரே வரிசையில் எதிராளிகளைச் சந்திக்கின்றன. அந்த ஒழுங்கைக் கலைத்தால் போதும். ஒரு சுற்றுக்குள் இருக்கும் ஆட்டங்களைத் தொடக் கூடாது. ஆனால் சுற்றுகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைக்கலாம், ஒரு விதியும் உடையாது. மேலே போட்ட ஏழு சுற்றுகளை 1, 4, 5, 7, 2, 3, 6 என்ற வரிசையில் அடுக்கினால், ஓர் அணியிடமிருந்து நேராக வரும் எதிராளிகள் இன்னோர் அணிக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்க்க மாட்டார்கள். நான் ஒட்டும் அட்டவணை இதுதான்:

```
சுற்று 1:  8-7   1-6   2-5   3-4
சுற்று 2:  8-4   5-3   6-2   7-1
சுற்று 3:  8-3   4-2   5-1   6-7
சுற்று 4:  8-1   2-7   3-6   4-5
சுற்று 5:  8-6   7-5   1-4   2-3
சுற்று 6:  8-5   6-4   7-3   1-2
சுற்று 7:  8-2   3-1   4-7   5-6
```

வரிசையை மாற்றியதும் சுற்று எண்களையும் புதிதாக எழுதிவிடுங்கள். பழைய எண்ணோடு ஒரு தாள், புதிய எண்ணோடு ஒரு தாள் என்று இரண்டும் மைதானத்தில் உலவினால் அன்றைக்கு முழுவதும் அதே வேலையாகிவிடும். சரிபார்க்கும் கட்டத்தையும் இந்தப் புதிய எண்களோடு மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

எண் யாருக்கு எது

இப்போதுதான் அணிகளின் பெயர் உள்ளே வர வேண்டும். அட்டவணையை எழுதி முடித்த பிறகு, எல்லா அணித் தலைவர்களையும் கூப்பிட்டுச் சீட்டுக் குலுக்கி எண் கொடுங்கள். முதலில் எண் கொடுத்துவிட்டு அப்புறம் அட்டவணை போட்டால், யாருக்கோ சாதகமாகப் போட்டீர்கள் என்ற பேச்சு கண்டிப்பாக வரும். எண்ணைப் பதிவு செய்த வரிசையிலோ, போன வருடத் தரவரிசையிலோ கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அட்டவணையில் மிச்சமிருக்கும் சிறு ஏற்றத்தாழ்வு யாருக்குப் போகிறது என்பதைச் சீட்டு தீர்மானிப்பதுதான் நியாயம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு பள்ளியிலிருந்தே இரண்டு அணிகள் வந்திருந்தால் அவற்றை முதல் சுற்றிலேயே மோதவிட வேண்டும். கடைசிச் சுற்றில் மோதினால், ஒன்றுக்கு ஜெயித்தால் கோப்பை, இன்னொன்றுக்குத் தோற்றாலும் நஷ்டமில்லை என்ற நிலை வரலாம். பிள்ளைகள் நேர்மையாக ஆடினாலும் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆகவே அந்த இரண்டு அணிகளுக்கும் முதல் சுற்றுச் சோடி ஒன்றை, 1-உம் 6-உம் என்று வையுங்கள், முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, மீதி எண்களுக்குச் சீட்டுக் குலுக்குங்கள். ஏன் ஒதுக்கினோம் என்பதை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

கோர்ட் குறைவாக இருந்தால்

நான்கு ஆட்டத்துக்கு இரண்டு கோர்ட்தான் இருக்கிறது என்றால் ஒரு சுற்று இரண்டு வேளையாகப் பிரியும். இங்கே பார்க்க வேண்டியது, முதல் சுற்றின் இரண்டாம் வேளையில் ஆடிய அணி அடுத்த சுற்றின் முதல் வேளையிலேயே மறுபடி களமிறங்குகிறதா என்பது. முதல் சுற்றில் 8-7, 1-6 முதலில் ஆடுகின்றன, 2-5, 3-4 பிறகு ஆடுகின்றன என்று வைப்போம். இரண்டாம் சுற்றில் 5-3 ஆட்டத்தை முதலில் வைத்தால் இரண்டு அணிகளும் மூச்சு வாங்கிக்கொண்டே வரும். 7-1 ஆட்டத்தை முதலில் வையுங்கள், இரண்டும் ஓய்வெடுத்த அணிகள். அதோடு 6-2 ஆட்டத்தைச் சேர்த்தால் 2 மட்டும்தான் இடைவெளி இல்லாமல் ஆட வேண்டியிருக்கும். அந்த ஒன்றையும் தவிர்க்க இங்கே வழியில்லை. அந்த ஆட்டத்தை மட்டும் பத்து நிமிடம் தள்ளித் தொடங்குங்கள். இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தைய சுற்றின் கடைசி வேளையைப் பார்த்து வரிசையை முடிவு செய்ய வேண்டும். அட்டவணையிலேயே வேளையையும் எழுதி ஒட்டிவிட்டால் மைக் பிடித்துக் கத்த வேண்டியிருக்காது.

ஒரு சுற்று முழுவதும் முடியாமல் அடுத்த சுற்றைத் தொடங்காதீர்கள். ஒரு கோர்ட் காலியாக இருக்கிறதே என்று அடுத்த சுற்றின் ஆட்டம் ஒன்றை முன்னால் இழுத்தால், கொஞ்ச நேரத்தில் ஓர் அணி ஐந்து ஆட்டமும் இன்னோர் அணி மூன்று ஆட்டமும் ஆடியிருக்கும். புள்ளிப் பட்டியலைப் பார்த்து யார் முன்னால் இருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுவில் ஆள் வந்தால், போனால்

ஏழு அணிக்கு அட்டவணை போட்டுவிட்டீர்கள், போட்டிக்கு முந்தின நாள் எட்டாவதாக ஓர் அணி வருகிறது. 'பை' இருந்த இடத்தில் அதன் பெயரை எழுதுங்கள். வேறெதுவும் மாறாது, ஓர் ஆட்டம் கூட இடம் பெயராது. கூடுதலாக ஒரு கோர்ட்டோ ஒரு வேளையோ மட்டும் தேவைப்படும். ஒன்பதாவது அணி வந்தால் அது வேறு கதை. பத்து இடமுள்ள அட்டவணையைப் புதிதாகச் சுற்ற வேண்டும், ஒன்பது சுற்று, 36 ஆட்டம். எட்டுக்குப் போட்டதில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது.

ஓர் அணி பாதியில் விலகினாலும் அட்டவணையைத் தொடக் கூடாது. விலகிய அணியின் எண் இருக்கும் இடமெல்லாம் எதிரணிக்கு ஓய்வு ஆகிவிடும், அவ்வளவுதான். சிக்கல் புள்ளிகளில்தான் வருகிறது. ஒட்டிய அட்டவணைப்படி 3-ஆம் அணி மூன்று சுற்று ஆடிவிட்டுப் போய்விட்டது என்று வையுங்கள். அது 4, 5, 8 ஆகிய மூன்றோடு ஆடியிருக்கும். அது பலவீனமான அணி என்றால் அந்த மூன்று அணிகளுக்கும் வெற்றிப் புள்ளி கிடைத்திருக்கும், மற்ற நான்குக்கும் அந்த வாய்ப்பே இல்லாமல் போகும். சதுரங்கத்தில் இதற்கு ஒரு தெளிவான வழக்கம் உண்டு. தன் ஆட்டங்களில் பாதிக்கும் குறைவாக ஆடிவிட்டு விலகினால் அதன் முடிவுகள் எல்லாம் புள்ளிக் கணக்கிலிருந்து நீக்கப்படும். பாதியோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் ஆடிய முடிவுகள் நிற்கும், மீதி எதிரணிகளுக்கு ஆடாமலே வெற்றி. பள்ளிப் போட்டிக்கும் இதையே எடுத்துக்கொள்ளலாம். ஏழில் மூன்று ஆடி விலகினால் மூன்றும் ரத்து. 6-ஓடு நான்காவது ஆட்டத்தையும் ஆடிவிட்டுப் போனால் நான்கும் நிற்கும், மீதியுள்ள 2, 7, 1 ஆகியவற்றுக்கு வெற்றிப் புள்ளி.

இந்த விதியை அட்டவணைத் தாளின் அடியிலேயே எழுதி, சீட்டுக் குலுக்கும் அன்று எல்லாப் பயிற்சியாளர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விலகல் நடந்த பிறகு விதியைப் பேச உட்கார்ந்தால், எந்த விதியைச் சொன்னாலும் அது இரண்டு மூன்று அணிகளுக்கு எதிராகத்தான் போய் முடியும்.